பழைய கல்யாணக் கேசட்டைக் கணினிக்கு ஏற்றுவது எப்படி: ட்ராக்கிங் கோடும் டிராப்அவுட் கீற்றும்

போன பிப்ரவரியில் குன்னூர் அத்தை ஒரு மஞ்சப்பையில் போட்டு வி.எச்.எஸ். கேசட் ஒன்றைக் கோத்தகிரிக்குக் கொடுத்தனுப்பினார். 1994இல் நடந்த அவருடைய கல்யாணம். "அதுல அப்பா பேசுறாருடா. அவர் மூஞ்சி மேலேயே கோடு ஓடுது, அதை எடுத்துக் குடு" என்று போனில் சொன்னார். பின்னாலிருந்து மாமாவின் குரல்: மாப்பிள்ளை வீட்டார் மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் வந்து இறங்கும் காட்சியில் இஞ்சின் நம்பர் தெரிய வேண்டுமாம்.

அத்தை கேட்டது நடந்தது, மாமா கேட்டது நடக்கவில்லை. ஏன் என்பதைச் சொல்லிக்கொண்டே வேலையின் படிகளையும் சொல்கிறேன். கேசட்டை ஓட்டும் டெக்கிலிருந்து படத்தைக் கணினிக்குள் கொண்டுவரும் கேப்சர் கார்டு எது வாங்குவது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். உண்மையில் கார்டின் பங்கு கடைசியில்தான் வருகிறது. டெக்கிலிருந்து வெளியே வராத எதையும் கார்டு பிடிக்க முடியாது.

டேப்பில் படம் எப்படி இருக்கிறது

இதைக் கொஞ்சம் புரிந்துகொண்டால் பிறகு வரும் எல்லாம் சுலபம். வி.எச்.எஸ். டேப் அரை அங்குல அகலம். அதில் படம் நீளவாக்கில் பதிவதில்லை, சாய்ந்த கோடு கோடாகப் பதிகிறது. டெக்குக்குள் 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு டிரம் வினாடிக்கு 25 முறை சுற்றுகிறது. அதில் எதிரெதிரே, படத்தை எழுதவும் படிக்கவும் இரண்டு ஹெட். ஒவ்வொரு ஹெட்டும் டேப்பைக் கடக்கும்போது ஒரு சாய்ந்த தடம் வரைகிறது. ஒரு தடம் என்றால் ஒரு ஃபீல்டு, அதாவது அரைப்படம். நம் ஊர் டிவியின் PAL முறையில் வினாடிக்கு 50 தடங்கள். ஒரு தடத்தின் அகலம் 49 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு. தலைமுடி பெரும்பாலும் அதைவிடத் தடிமன்.

மறுபடி ஓட்டும்போது ஹெட் அந்த முடியளவுத் தடத்தின் மேலேயே சரியாக இறங்க வேண்டும். எப்படி இறங்குகிறது? டேப்பின் கீழ் விளிம்பில் வினாடிக்கு 25 துடிப்புகள் தனியாகப் பதிந்திருக்கும். இதற்கு கன்ட்ரோல் ட்ராக் என்று பெயர். டெக் அந்தத் துடிப்பைக் கேட்டுக் கேட்டு டேப்பின் ஓட்டத்தை டிரம்மோடு ஒத்துப்போகச் செய்கிறது. ஆனால் அந்தத் துடிப்பைப் படிக்கும் ஹெட் டிரம்மிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது டெக்குக்கு டெக் மயிரிழை வித்தியாசப்படும். ஸ்டூடியோக்காரரின் டெக்கில் பதிந்ததை நம் டெக்கில் போட்டால் ஹெட் பாதி தன் தடத்திலும் பாதி பக்கத்துத் தடத்திலும் இறங்கலாம். அந்த வித்தியாசத்தைச் சரிசெய்யத்தான் ட்ராக்கிங் திருகு.

மேல் விளிம்பில் சாதாரண ஒலித்தடம். ஆகவே மேல் விளிம்பு கசங்கியிருந்தால் பேச்சு விட்டுவிட்டு வரும், கீழ் விளிம்பு கசங்கியிருந்தால் டெக்குக்கு வழி தெரியாமல் படமே உருளும். கேசட்டின் மூடியைத் திறந்து பார்த்தாலே இந்த இரண்டையும் ஓரளவு சொல்லிவிடலாம்.

படி 1: டெக்கில் போடுவதற்கு முன் கேசட்டைப் பாருங்கள்

முதலில் கேசட்டின் முதுகில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் காதை உடைத்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் தவறி ரெக்கார்டு பொத்தானை அழுத்தினாலும் எதுவும் அழியாது.

அடுத்து, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து, கேசட்டின் சன்னல் வழியாகச் சுருளின் விளிம்பைப் பாருங்கள். நல்ல டேப் கறுப்பாக, வழவழப்பாக, ஒரே தட்டுப் போல இருக்கும். நீலகிரியில் பத்துக்கு நாலு கேசட் அப்படி இருப்பதில்லை. தென்மேற்குப் பருவமழை ஊட்டிப் பக்கம் நனைத்துவிட்டுப் போனால், கோத்தகிரி, குன்னூர் சரிவுகளை ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துக்கொள்ளும். பீரோவுக்குள் பட்டுப்புடவைக்கே பூஞ்சை வருகிற ஊரில் கேசட்டுக்கு வராதா? சாம்பல் தூவியது போலவோ வெள்ளை நூல் படர்ந்தது போலவோ சுருளின் விளிம்பில் தெரிந்தால் அதை உங்கள் நல்ல டெக்கில் போடவே கூடாது. அந்தப் பொடி ஹெட்டில் ஒட்டிக்கொண்டு, அடுத்து நீங்கள் போடும் கேசட்டுக்கும் போய்ச் சேரும்.

பூஞ்சை பிடித்த டேப்பை முதலில் காய வைக்க வேண்டும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு பத்து, பதினைந்து நாள். கணப்பு அடுப்புக்கோ ரூம் ஹீட்டருக்கோ பக்கத்தில் வைத்துக் காய வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சூட்டில் டேப் நெளிந்துபோகும், அப்புறம் எந்த ட்ராக்கிங்கும் பிடிக்காது. காய்ந்த பிறகு பழைய, போனால் போகட்டும் என்கிற டெக் ஒன்றின் மேல்மூடியைக் கழற்றி, கேசட்டை ஓடவிட்டு, பஞ்சு உதிராத மெல்லிய துணியால் டேப்பை லேசாக அணைத்துப் பிடித்தபடி முழுக்க ஒருமுறை சுற்ற வேண்டும். துணியில் பொடி படியப் படிய இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். வெளியே திண்ணையில் உட்கார்ந்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

அத்தையின் கேசட்டில் சுருளின் ஒரு பக்கத்தில் மட்டும் விரல் அகலத்துக்கு வெளிறிய திட்டு. ஓட்டிப் பார்த்தபோது அது முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முந்தின 12 நிமிடப் பகுதி என்று தெரிந்தது. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

மலைக்கு இன்னொரு விஷயம். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் காலையில் குளிர்ந்த கேசட்டைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால் டேப்பின் மேல் பனித்துளி போல ஈரம் படியும். ஈர டேப் டிரம்மில் ஒட்டிக்கொண்டால் கிழிந்துதான் வரும். கேசட்டையும் டெக்கையும் ஒரே அறையில் ஒரு இரவு வைத்துவிட்டு மறுநாள் தொடங்குங்கள். என்னைக் கேட்டால் இந்த வேலைக்கு பிப்ரவரி, மார்ச்தான் ஏற்ற மாதங்கள்.

பூஞ்சை இல்லாத கேசட்டாக இருந்தால் ஒருமுறை கடைசிவரை முன்னோக்கி ஓட்டி, திரும்பவும் சுற்றிவிடுங்கள். முப்பது வருடம் ஒரே மாதிரி கிடந்த சுருள் கொஞ்சம் தளர்ந்து சீராகும்.

படி 2: டெக்கைச் சுத்தம் செய்யுங்கள்

செலவு கம்மி, பலன் அதிகம் என்றால் இந்தப் படிதான். டெக்கின் மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு மேல்மூடியைத் திறங்கள். 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வேண்டும். மொபைல் ரிப்பேர் கடைகளில் கிடைக்கும்.

வழவழப்பான வெள்ளைத்தாளை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி ஆல்கஹாலில் நனைத்து, டிரம்மின் பக்கத்தில் லேசாக அழுத்திப் பிடியுங்கள். தாள் அசையக்கூடாது. இன்னொரு கையால் டிரம்மின் மேல்விளிம்பைப் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். தாளில் பழுப்புக் கோடு விழும். புதிய தாளில் கோடு விழாத வரை இப்படியே செய்யுங்கள். தாளை ஒருபோதும் மேலும் கீழும் தேய்க்க வேண்டாம், ஹெட் உடைந்துவிடும். டிரம்முக்கு இயர்பட்ஸ் போடுகிறவர்கள் உண்டு. அதன் பஞ்சு இழை ஹெட்டில் மாட்டிக்கொண்டால் டெக்கின் கதை முடிந்தது. மற்ற உருளைகளுக்கும் ஒலி ஹெட்டுக்கும் இயர்பட்ஸ் போடலாம், தப்பில்லை.

படி 3: இணைப்பும் கார்டும்

டெக்கில் எஸ்-வீடியோ துளை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். டேப்பில் வெளிச்சமும் நிறமும் தனித்தனியாகப் பதிந்திருக்கின்றன. எஸ்-வீடியோ அவற்றைத் தனித்தனியாகவே கொண்டுவரும். சாதாரண டெக்கில் மஞ்சள் முனைதான் இருக்கும், பரவாயில்லை. ஆன்டெனா வழியாக வரும் இணைப்பை மட்டும் பயன்படுத்த வேண்டாம்.

டெக்குக்கும் கார்டுக்கும் நடுவில் ஒரு பொருள் வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். டேப் ஒரே சீராக ஓடாது. அதனால் ஒவ்வொரு வரியும் ஒரு கணம் முன்னே பின்னே தொடங்கும். பழைய பிக்சர் டியூப் டிவி அந்தத் தடுமாற்றத்தோடு தானும் தடுமாறிப் படத்தைக் காட்டிவிடும். கேப்சர் கார்டு அப்படியில்லை. நேரம் தவறினால் அந்த ஃப்ரேமையே, அதாவது ஒரு முழுப்படத்தையே, கைவிட்டுவிடும். படத்தின் மேல்பகுதி வலப்பக்கம் கொடி போல வளைந்து ஆடும், மேளச் சத்தமும் படமும் ஒத்துப்போகாமல் விலகும். இதைத் திருத்தும் கருவிக்கு டைம் பேஸ் கரெக்டர் என்று பெயர். தனிக்கருவி விலை அதிகம். அதற்குப் பதில் பழைய டிவிடி ரெக்கார்டர் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி, டெக்கின் படத்தை அதன் உள்ளே விட்டு வெளியே எடுத்தால் போதும், டிவிடியில் எதையும் எழுத வேண்டாம். பானசோனிக்கின் இ.எஸ்.10, இ.எஸ்.15 மாடல்கள் இதற்காகவே தேடி வாங்கப்படுகின்றன.

கார்டுக்கு வருவோம். யு.எஸ்.பி. கார்டு எதுவானாலும் 720×576 அளவில், சுருக்காமல் தரவு தர வேண்டும், அவ்வளவுதான். "எச்.டி. பதிவு" என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டாம். கேப்சர் செய்யும் மென்பொருளான விர்ச்சுவல்டப்பில் நான் வைக்கும் அமைப்பு இது: முறை PAL_B, அளவு 720×576, வினாடிக்கு 25 ஃப்ரேம், நிற வடிவம் YUY2, சுருக்கம் Huffyuv, ஒலி 48000 ஹெர்ட்ஸ். Huffyuv எதையும் இழக்காமல் சுருக்கும். மணிக்குச் சுமார் 35 ஜிபி ஆகும். ஹார்டு டிஸ்க் FAT32 ஆக இருந்தால் 4 ஜிபியில் நின்றுவிடும், NTFS ஆக மாற்றிக்கொள்ளுங்கள். வெளிச்ச ஹிஸ்டோகிராம் இரண்டு ஓரங்களையும் முட்டாமல் இருக்கும்படி பிரைட்னஸ், கான்ட்ராஸ்டைக் குறைத்து வையுங்கள். மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி ஒருமுறை வெளிறி அடைத்துப்போனால் மடிப்புகளைப் பின்னால் மீட்க முடியாது.

எங்கள் ஊரில் காற்றடித்தால் கரண்ட் போகும். டெக், ரெக்கார்டர், கணினி மூன்றையும் யு.பி.எஸ்.ஸில் போடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் டேப் டிரம்மைச் சுற்றியபடியே நின்றுபோகும்.

படி 4: ட்ராக்கிங்

டெக்கின் ஆட்டோ ட்ராக்கிங்கை அணைத்துவிடுங்கள். அது தொடக்கத்தில் நன்றாகத்தான் தேடிப் பிடிக்கும். ஆனால் நடுவில் டேப் கொஞ்சம் மங்கினால் மறுபடி தேட ஆரம்பித்து, நல்ல காட்சியின் மேலேயே கோட்டை ஓட்டிவிடும்.

கேசட்டின் தொடக்கம், நடு, கடைசி மூன்று இடங்களில் மூன்று மூன்று நிமிடம் ஓட்டிப் பாருங்கள். ட்ராக்கிங்கை ஒரு பக்கமாக மெதுவாக நகர்த்தி, மணல் கொட்டியது போன்ற பட்டை எப்போது தோன்றுகிறது என்று பாருங்கள். பிறகு எதிர்ப்பக்கம் நகர்த்தி, அங்கே எப்போது தோன்றுகிறது என்று பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் நிறுத்துங்கள். படம் சுத்தமாகத் தெரிகிற முதல் இடத்திலேயே நிறுத்தினால் விளிம்பில் நிற்கிறீர்கள் என்று பொருள். டேப் கொஞ்சம் நெளிந்தாலும் பட்டை திரும்பி வந்துவிடும்.

இப்போது பட்டையின் நடத்தையைக் கவனியுங்கள். திருகைத் திருப்பத் திருப்பப் பட்டை மேலும் கீழும் நகர்ந்து கடைசியில் வெளியேறினால் அது வெறும் ட்ராக்கிங். மேலேயோ கீழேயோ ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு, எவ்வளவு திருப்பினாலும் போகாமல் இருந்தால் ஹெட் தடத்தின் ஒரு பாதியில் சரியாகவும் மறுபாதியில் விலகியும் போகிறது. பதிவு செய்த கேமராவின் டேப் வழிகாட்டி உருளைகளுக்கும் உங்கள் டெக்கின் உருளைகளுக்கும் உயரம் ஒத்துப்போகவில்லை. வேறொரு டெக்கில் போட்டுப் பார்ப்பதுதான் முதல் மருந்து. உருளையைத் திருகிச் சரிசெய்யலாம் என்றாலும், பழைய நிலையைக் குறித்து வைக்காமல் கை வைத்தால் அந்த டெக் அந்த ஒரு கேசட்டுக்கு மட்டும்தான் உதவும்.

மூன்றாவது வகை ஒன்று உண்டு. திருகு திருப்பினால் பட்டையில் எந்த மாற்றமும் இல்லை, ஆனால் அதைச் சுற்றியுள்ள படம் மட்டும் நன்றாகவும் மோசமாகவும் மாறுகிறது. அப்படியானால் அந்தப் பட்டை படத்தோடு சேர்ந்தே பதிந்தது. அந்தக் காலத்தில் வீட்டுக்கு வந்த கல்யாணக் கேசட் பெரும்பாலும் ஸ்டூடியோவில் ஒரு டெக்கிலிருந்து இன்னொரு டெக்குக்கு ஏற்றிய நகல். மூலத்தை ஓட்டிய டெக்கில் ட்ராக்கிங் தவறியிருந்தால் அந்தத் தவறும் படமாகவே பதிந்துவிடும். அதற்கு நம் கையில் எந்தத் திருகும் இல்லை.

தாத்தாவின் முகத்தின் மேல் ஓடிய கோடு முதல் வகை. திருகை வலப்பக்கம் திருப்பியதும் கோடு நெற்றியிலிருந்து வாய்க்கு இறங்கியது, பிறகு சட்டைப் பைக்கு, பிறகு படத்துக்குக் கீழே. அவர் வாயில் வெற்றிலையோடு பேசுகிறார் என்பதே அப்போதுதான் தெரிந்தது. அத்தை வீட்டில் முப்பது வருடமாக ஒரே டெக்கில், திருகைத் தொடாமலே பார்த்திருக்கிறார்கள்!

ஆனால் அதே அமைப்பில் மேலே ஓட்டியபோது 41ஆவது நிமிடத்தில் பட்டை திரும்ப வந்தது. ரிசப்ஷன் தொடங்கும் இடம். முகூர்த்தத்தை ஒரு டெக்கிலும் ரிசப்ஷனை வேறொரு டெக்கிலும் ஸ்டூடியோ ஏற்றியிருக்க வேண்டும். ஒரே கேசட்டில் இரண்டு டெக்குகளின் ட்ராக்கிங். ஓடும்போதே திருகைத் திருப்பினால் திருப்பும் அந்த நொடிகள் கெடும். ஆகவே முழுக் கேசட்டையும் இரண்டுமுறை கேப்சர் செய்தேன். ஒருமுறை முகூர்த்தத்துக்கு ஏற்ற அமைப்பில், இன்னொருமுறை ரிசப்ஷனுக்கு ஏற்ற அமைப்பில். பிறகு 41ஆவது நிமிடத்தில் ஒட்டினேன். கேசட் 1 மணி 40 நிமிடம், ஒரு ஓட்டத்துக்கு 58 ஜிபி.

ஓடும்போது விர்ச்சுவல்டப்பின் வலப்பக்கத்தில் கைவிடப்பட்ட ஃப்ரேம்களின் எண்ணிக்கை தெரியும். மணிக்கு ஒன்றிரண்டு என்றால் விட்டுவிடலாம். நிமிடத்துக்கு ஒன்றிரண்டு என்றால் நிறுத்திவிட்டு மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.

படத்தின் கீழ்விளிம்பில் ஏழெட்டு வரி உயரத்துக்கு எப்போதும் ஒரு கிழிசல் தெரியும். ஒரு ஹெட்டிலிருந்து இன்னொரு ஹெட்டுக்கு மாறும் இடம் அது. எல்லா வி.எச்.எஸ். டேப்பிலும் உண்டு. டிவியில் அது திரையின் சட்டத்துக்குள் மறைந்துவிடும். அதைப் போக்க ட்ராக்கிங்கைத் திருகிக்கொண்டிருக்க வேண்டாம்.

படி 5: டிராப்அவுட்

குறுக்கே மின்னி மறையும் வெள்ளைக் கீற்றுகள் வேறு சங்கதி. டேப்பின் காந்தப் பூச்சு ஓரிடத்தில் உதிர்ந்திருந்தாலோ மேலே தூசி இருந்தாலோ ஹெட்டுக்கு அந்தக் கணம் சிக்னல் வராது. அதுதான் டிராப்அவுட். இடது முனை கூராகத் தொடங்கி வலப்பக்கம் வால் போலத் தேய்ந்து போகும்.

எவ்வளவு சின்னத் தூசி போதும் தெரியுமா? ஹெட் டேப்பின் மேல் வினாடிக்கு 4.85 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஒரு வரிக்கு 64 மைக்ரோ வினாடி. கணக்குப் போட்டால் டிவியின் ஒரு முழு வரி டேப்பில் 0.31 மில்லிமீட்டர் நீளம்தான். அதாவது ஒரு ரவைத்துகளில் பாதி இருந்தால் ஒரு முழு வரி போய்விடும். அதே துகளின் அகலத்துக்குள் 49 மைக்ரான் தடங்கள் ஆறு அடங்கும். ஆகவே ஆறு ஃபீல்டு, அதாவது எட்டில் ஒரு வினாடி, கிட்டத்தட்ட அதே உயரத்தில் கீற்று மின்னும்.

டெக்குக்குள்ளேயே இதற்கு ஒரு ஒட்டு வேலை இருக்கிறது. சிக்னல் அற்றுப்போனால் முந்திய வரியின் நகலை அந்த இடத்தில் வைத்துவிடும். சின்ன டிராப்அவுட் பலவும் அப்படி மறைந்தே வருகின்றன. நம் கண்ணுக்குத் தெரிவது அந்த ஒட்டையும் மீறியவை.

இங்கே ஒரு கேள்விக்கு விடை கண்டுபிடிக்க வேண்டும்: பூச்சு போனதா, தூசி மட்டும்தானா? அதே பகுதியை இரண்டாவது முறை ஓட்டி, அதே ஃப்ரேமை வைத்து ஒப்பிடுங்கள். கீற்று இரண்டிலும் அதே இடத்தில் இருந்தால் பூச்சு போய்விட்டது, அல்லது அழுக்கு இறுகிவிட்டது. ஒன்றில் இருந்து மற்றதில் இல்லையென்றால் உதிரித் தூசி, அல்லது ஹெட்டில் படிந்த அழுக்கு. கீற்றுகள் நேரம் ஆக ஆக எல்லா இடத்திலும் கூடிக்கொண்டே போனால் ஹெட் அடைக்கிறது. நிறுத்தி, இரண்டாம் படியை மறுபடி செய்யுங்கள். கூர்மை இல்லாமல், மங்கிய ஓரத்தோடு ஒவ்வொரு முறையும் அச்சடித்தது போல அப்படியே வரும் கீற்று ஸ்டூடியோ நகலிலேயே பதிந்தது.

உதிரி வகைக்கு மருந்து உண்டு. ஒரே பகுதியை மூன்றுமுறை கேப்சர் செய்து, ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்றில் நடு மதிப்பை எடுப்பது. ஒரு ஓட்டத்தில் மட்டும் வெள்ளையாக மின்னிய புள்ளியை மற்ற இரண்டும் சேர்ந்து ஒதுக்கிவிடும். மூன்றையும் ஒரே ஃப்ரேமில் தொடங்கும்படி வெட்டிக்கொண்டு, எஃப்எஃப்எம்பெக் மென்பொருளில் இப்படிக் கொடுங்கள்:

```
ffmpeg -i p1.avi -i p2.avi -i p3.avi -filter_complex "[0:v][1:v][2:v]xmedian=inputs=3[v]" -map "[v]" -map 0:a -c:v ffv1 -c:a copy medi.mkv
```

இதற்கு இரண்டு நிபந்தனை. மூன்று ஓட்டத்திலும் ஒரு ஃப்ரேம்கூடக் கைவிடப்பட்டிருக்கக் கூடாது. கைவிடப்பட்டால் அந்த இடத்திலிருந்து வெவ்வேறு ஃப்ரேம்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். இரண்டாவது, நடுவில் டைம் பேஸ் திருத்தம் இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் வரிகள் ஒவ்வொரு ஓட்டத்திலும் பக்கவாட்டில் வேறு வேறு இடத்தில் நிற்கும். கீற்று போவதற்குப் பதில் முகமே குழைந்துவிடும்.

அத்தையின் கேசட்டில் பூஞ்சை இருந்த அந்த 12 நிமிடத்துக்கு மட்டும் இதைச் செய்தேன். முழுக் கேசட்டையும் மேலும் மூன்றுமுறை ஓட்டித் தேய்க்க மனசு வரவில்லை. ஒவ்வொரு ஓட்டத்துக்கு நடுவிலும் ஹெட்டைத் துடைத்தேன். முதல் தடவை தாளில் சாம்பல் நிறம், மூன்றாவதில் ஒன்றுமில்லை. நாதஸ்வரக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் ஒரு நிமிடத் துண்டில் கீற்றுகளை எண்ணிப் பார்த்தேன். முதல் ஓட்டத்தில் 46, நடு மதிப்பு எடுத்த பிறகு 17. அந்த 17உம் மூன்று ஓட்டத்திலும் அதே இடத்தில் இருந்தவை. பூஞ்சை பூச்சையே தின்றுவிட்ட இடங்கள். அங்கே டேப்பில் படம் இல்லை. முந்தைய ஃப்ரேமிலிருந்து அந்த வரியை வெட்டி ஒட்டலாம்தான், ஆனால் அது மீட்பது இல்லை, மறைப்பது. பின்னணி அசையாமல் இருந்த நான்கு இடத்தில் மட்டும் செய்தேன். மேளத்தின் குச்சி அசையும் இடங்களில் விட்டுவிட்டேன்.

படி 6: பார்ப்பதற்கான நகல்

மூலக்கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, போனிலும் டிவியிலும் ஓடும் நகலைத் தனியாக எடுங்கள். இரண்டு அரைப்படங்களையும் பிரித்து வினாடிக்கு 50 ஃப்ரேமாக்கி, கீழ்க்கிழிசலைக் கறுப்பால் மூடி, அகலத்தைச் சரியாக்கும் கட்டளை:

```
ffmpeg -i kalyanam.mkv -vf "bwdif=mode=send_field:parity=tff,crop=704:576:8:0,scale=768:576,setsar=1,drawbox=y=ih-10:h=10:color=black:t=fill" -c:v libx264 -crf 18 -pix_fmt yuv420p -c:a aac -b:a 192k kalyanam.mp4
```

ஓட்டிப் பார்க்கும்போது நடப்பவர்கள் ஒரு அடி முன்னே ஒரு அடி பின்னே என்று துடித்தால் அரைப்படங்களின் வரிசை தலைகீழ். `tff` என்பதை `bff` ஆக மாற்றுங்கள்.

இஞ்சின் நம்பர்

கடைசியாக மாமாவின் ஆசை. ரயில் காட்சியில் ட்ராக்கிங் சுத்தம், ஒரு கீற்றுகூட இல்லை. அப்படியும் நம்பர் தெரியவில்லை. காரணம் டேப்பின் கொள்ளளவு. ஒரு வரியில் படம் இருக்கும் நேரம் 52 மைக்ரோ வினாடி. வி.எச்.எஸ். பதியும் வெளிச்ச விவரம் சுமார் 3 மெகாஹெர்ட்ஸ் வரைதான். பெருக்கினால் 156 அலைகள், ஓர் அலையில் ஒரு வெளிச்சமும் ஒரு இருட்டும், ஆக அகலவாக்கில் 312 புள்ளிகள். நாம் பிடிப்பது 720, டேப் கொடுப்பது 312. அதனால்தான் 720க்கு மேல் பெரிதாக்கிப் பிடிப்பதில் பயனில்லை என்றேன். நிறத்துக்கு அதிலும் ஆறில் ஒரு பங்குதான். அத்தையின் அரக்குப் புடவை தோள்பட்டையைத் தாண்டிப் பக்கத்துச் சுவரில் கசிவது அதனால்தான், கேசட் கெட்டதால் இல்லை.

குன்னூர் ஸ்டேஷனுக்குள் இஞ்சின் நுழையும்போது நம்பர் எழுதிய இடம் படத்தின் அகலத்தில் பதினைந்தில் ஒரு பங்கு. 312ஐப் பதினைந்தால் வகுத்தால் ஏறக்குறைய 20 புள்ளிகள் வரும். இஞ்சின் நம்பர் ஐந்து இலக்கம். ஒரு இலக்கத்துக்கு, நடுவிலுள்ள இடைவெளியையும் சேர்த்து, நான்கு புள்ளிகள். நகலில் நகல் எடுத்ததில் அதிலும் கொஞ்சம் போயிருக்கும். டெக்கில் இருக்கும் ஷார்ப்னஸ் பொத்தானை மாமா ஏற்றச் சொன்னார். ஏற்றினால் எழுத்தைச் சுற்றி வெள்ளை வளையம் வந்ததே தவிர எழுத்து வரவில்லை.

கோப்பைப் பெரிதாக்கி அந்த ஒரு ஃப்ரேமை நிறுத்திக் காட்டினேன். நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை இஞ்சின்கள் எல்லாமே 37 என்றுதான் தொடங்கும், அது மாமாவுக்கு மனப்பாடம். கடைசி இலக்கம் மாமாவுக்கு 6ஆகத் தெரிந்தது, எனக்கு 0ஆக, அத்தைக்கு 8ஆக.